ஜூலையும் பிப்ரவரியும் ஒரே நிறமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மாணவர்களை வைத்து நீலகிரியின் மழைக் கணக்கை எக்செல்லில் ஹீட்மேப்பாகப் போட்டிருக்கிறார். வரிசையில் தேவாலா, கூடலூர், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி; மேலே பன்னிரண்டு மாதங்கள். நிறத்துக்கு எக்செல் முதலில் நீட்டும் பச்சை–மஞ்சள்–சிவப்பு. அதிக மழை பச்சை, குறைந்த மழை சிவப்பு. ஒரு பையன் மட்டும் தேவாலா வரிசையைப் பார்த்து, "பிப்ரவரியிலயும் ஜூலையிலயும் ஒரே மழைதானே மிஸ்?" என்றானாம். பிப்ரவரியில் தேவாலாவில் பெயருக்குத்தான் தூறும். ஜூலையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் அது ஒன்று. "பையன் கவனிக்கவில்லையா, கண்ணில் ஏதாவதா?" என்பது அவர் கேள்வி.

பையன் நன்றாகத்தான் கவனித்திருக்கிறான். கோளாறு படத்தில் இருக்கிறது.

நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு வகை 420 நானோமீட்டர் வாக்கில் அதிகம் தூண்டப்படும், இன்னொன்று 530 வாக்கில், மூன்றாவது 560 வாக்கில். பின்னிரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 30 நானோமீட்டர் இடைவெளி. அவற்றுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய நகல் போல உட்கார்ந்திருக்கின்றன. செல் பிரியும்போது ஒன்று விடுபடவோ இரண்டும் கலந்து ஒட்டவோ வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் ஈடுகட்ட இன்னொரு நகலும் இல்லை. எனவே சிவப்பு–பச்சைக் குழப்பம் பெரும்பாலும் பையன்களிடம் தெரிகிறது. ஊட்டி கேரட் நிறையச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இங்கே சொல்பவர்கள் உண்டு. கேரட் தருவது வைட்டமின் ஏ. இங்கே மாறியிருப்பது மரபணு எழுதும் புரதம். அதைக் கேரட்டும் திருத்தாது, நிறக்குருட்டைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்து விற்கும் விலையுயர்ந்த கண்ணாடிகளும் திருத்தாது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 530, 560 என்ற இந்த இரண்டு கூம்புகளின் செய்தியை நம் கண்ணும் மூளையும் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகின்றன. இரண்டையும் கூட்டினால் வருவது ஒளிர்வு, அதாவது ஒரு இடம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது சிவப்பா பச்சையா என்பது. இப்போது ஒரு வகைக் கூம்பு இல்லை என்று வையுங்கள். கழிப்பதற்கு ஆள் இல்லை, கழித்தல் கணக்கு செத்தது. ஆனால் கூட்டல் பிழைத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் ஒன்றே வெளிச்சத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். 420 கூம்பை வைத்து நடக்கும் நீலம்–மஞ்சள் கணக்கும் அப்படியே நிற்கிறது. ஆக அந்தப் பையனிடம் இரண்டு வழிகள் திடமாக இருக்கின்றன: வெளிச்சமா இருட்டா, நீலமா மஞ்சளா. நல்ல வண்ணத் தொகுப்பு என்பது தகவலை இந்த இரண்டிலும் ஏற்றிவைப்பது.

எக்செல் இதில் என்ன செய்கிறது? அதன் சிவப்பு `#F8696B`, மஞ்சள் `#FFEB84`, பச்சை `#63BE7B`. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்ற அளவுகோலில் ஒளிர்வைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சிவப்பு 63, மஞ்சள் 93, பச்சை 70. முனைகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், நடுவில் மட்டும் ஒரு மேடு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி, அந்தப் பக்கம் கூடலூருக்கு இறங்கும் பயணம் போல. "1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறேன்" என்று போனில் சொன்னால், குன்னூர்ப் பக்கமா கூடலூர்ப் பக்கமா என்று கேட்பவருக்குத் தெரியாது. நமக்கு நிறம் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பையனுக்கு உயரம் மட்டும்தான் கிடைக்கிறது.

530 கூம்பு இல்லாதவர் கண்ணுக்கு நிறங்கள் எப்படித் தெரியும் என்று கணக்கிட 1999-இல் வியெனோ, பிரெட்டெல், மோலன் மூவரும் ஒரு எளிய வழி தந்தார்கள். அதில் போட்டால், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையான எண்களில், எக்செல்லின் சிவப்பு ஏறத்தாழ (165, 165, 101), பச்சை (170, 170, 126) என்று வருகிறது. இரண்டும் மங்கிய ஆலிவ். மஞ்சளோ (241, 241, 131) என்று பளிச்சிடுகிறது. அப்படியானால் அவன் கண்ணில் பிப்ரவரியும் ஜூலையும் ஒன்று, நடுத்தர மழை பெய்த மாதங்கள்தான் எடுப்பாகத் தெரியும். அவன் சொன்னது அப்படியே பொருந்துகிறது. 560 கூம்பு இல்லாதவர்களுக்குச் சிவப்பு இன்னும் இருண்டு தெரிவதால் முனைகள் பிரிந்துவிடும். ஆனாலும் நடுவில் உள்ள மேடு போகாது.

மாற்று எளிது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளிர்வு ஒரே திசையில் இறங்க வேண்டும். வரைபடவியலாளர் சிந்தியா புரூவரின் கலர்புரூவர் தொகுப்பில் வெளிர் மஞ்சளிலிருந்து கருநீலத்துக்குப் போகும் வரிசை ஒன்று உண்டு. அதிலிருந்து மூன்றை எடுத்தேன்:

```
குறைவு   #FFFFD9
நடு      #1D91C0
அதிகம்   #081D58
```

இவற்றின் ஒளிர்வு 99, 56, 13. இறக்கம் இரு பக்கமும் 43. இது தற்செயலாக அமைந்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம். எக்செல்லில் Conditional Formatting, Color Scales, More Rules என்று போய் 3-Color Scale தேர்ந்தெடுத்து இவற்றை இடலாம். நடுப்புள்ளி Percentile 50 என்றே இருக்கட்டும். அதை Percent என்று மாற்றினால் தேவாலாவின் ஜூலை ஒன்றே அளவுகோலை இழுத்துக்கொண்டு போய்விடும், மற்ற கட்டங்கள் வெளிர் மஞ்சளிலேயே தேங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதை அப்படியே ஒரு தினசரி மழைப் படத்தில் போட்டால் எல்லா நாளும் வறண்ட நாளாகிவிடும்.

பைத்தானில் செய்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மேட்பிளாட்லிப் 2017 முதல் விரிடிஸ் என்ற தொகுப்பையே இயல்பாகத் தருகிறது, அதன் ஒளிர்வு ஒரே திசையில் ஏறும். 2018-இல் வந்த சிவிடிஸ், நிறக்குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒரே படத்தைப் பார்க்க வேண்டும் என்றே கட்டப்பட்டது. அதனால்தான் அதில் நீலமும் மஞ்சளும் மட்டும். பார்க்கக் கொஞ்சம் சோகையாக இருக்கும்; எனக்குப் பழகிவிட்டது. இவ்வளவு வந்த பிறகும் பொதுப் பணத்தில் தயாராகும் வரைபடங்களில் வானவில் ஓடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வானவில்லில் மஞ்சள் ஒரு மேடு, நீலம் ஒரு பள்ளம், சிவப்பு இன்னொரு பள்ளம்.

சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்செடுத்து, வரிசை குலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் Rendering பகுதியில் உள்ள `Emulate vision deficiencies` திரையிலேயே இதைக் காட்டும்.

ஒரு வகைப் படத்துக்கு மட்டும் கருப்பு வெள்ளைச் சோதனை செல்லாது: சராசரியைவிட மழை கூடியதா குறைந்ததா என்று காட்டும் படம். அதில் நடு வெளிராகவும் இரு முனையும் இருட்டாகவும் இருந்தாக வேண்டும், ஆகவே முனைகளைப் பிரிக்க நிறத்தைத்தான் நம்ப வேண்டும். அங்கே பிழைத்திருக்கும் நீலம்–மஞ்சள் வழியைப் பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் ஆரஞ்சு அல்லது பழுப்பு. பச்சையும் சிவப்பும் எதிரெதிரே வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கட்டத்துக்குள் மழை அளவை எண்ணாக எழுதியிருந்தால், கருநீலக் கட்டங்களில் எழுத்தை வெள்ளையாக்குங்கள். எக்செல் அதைத் தானாகச் செய்யாது. அதே இடத்தில் "இந்த அளவுக்கு மேல்" என்று இன்னொரு விதி எழுத வேண்டும்.