எட்டு வரிசைகளில் ஓர் அலாரம்: மூன்று மாறிகளின் உண்மை அட்டவணை

ஒரு வீட்டில் முன்கதவு, பின்கதவு இரண்டிலும் உணரி பொருத்தியிருக்கிறார்கள். எந்தக் கதவு திறந்தாலும் அலாரம் அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் நிறுத்தும் சுவிட்சைப் போட்டிருந்தால் மட்டும் அடிக்கக் கூடாது. முன்கதவு திறந்திருந்தால் A = 1, பின்கதவு திறந்திருந்தால் B = 1, சுவிட்ச் போட்டிருந்தால் C = 1 என்று வைத்துக்கொள்வோம். தேவையானதைக் கோவையாக எழுதினால் F = (A + B)·C′ என்று வரும். இங்கே + என்பது ‘அல்லது’, புள்ளி என்பது ‘மற்றும்’. C′ என்பது C-யைத் தலைகீழாக்கியது: C 0 என்றால் அது 1, C 1 என்றால் அது 0.

A, B, C-யின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் F என்ன என்று வரிசையாக எழுதுவதுதான் உண்மை அட்டவணை. ஒவ்வொரு மாறிக்கும் இரண்டே மதிப்புகள் என்பதால் மூன்று மாறிகளுக்கு 2 × 2 × 2 = 8 சேர்க்கைகள் வரும். இவற்றை மனம்போன வரிசையில் எழுதினால் ஒன்று விட்டுப்போகும், இன்னொன்று இரண்டு முறை வரும். அதைத் தவிர்க்க, 0 முதல் 7 வரை இரும எண்ணில் எண்ணுங்கள்: 000, 001, 010, 011 என்று தொடங்கி 111 வரை. நெடுவரிசையாகவும் நிரப்பலாம். C-யில் 0, 1 மாறி மாறி வரும்; B-யில் இரண்டு 0, இரண்டு 1 என்று வரும்; A-யில் முதல் நான்கும் 0, அடுத்த நான்கும் 1.

கடைசி விடைக்கு நேராகத் தாவாமல், கோவையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நெடுவரிசை கொடுங்கள். முதலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் A + B, பிறகு C′, கடைசியாக அவை இரண்டையும் ‘மற்றும்’ செய்த F.

| A | B | C | A + B | C′ | F |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 0 | 0 | 1 | 0 |
| 0 | 0 | 1 | 0 | 0 | 0 |
| 0 | 1 | 0 | 1 | 1 | 1 |
| 0 | 1 | 1 | 1 | 0 | 0 |
| 1 | 0 | 0 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 1 | 1 | 0 | 0 |
| 1 | 1 | 0 | 1 | 1 | 1 |
| 1 | 1 | 1 | 1 | 0 | 0 |

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கடைசி இரண்டு வரிசைகளில்தான். A-யும் B-யும் 1 என்றால் A + B-க்கு 2 என்றோ, இரும எண் கூட்டலை நினைத்து 0 என்றோ எழுதிவிடுகிறார்கள். இது கூட்டலே இல்லை. பேச்சு வழக்கும் இங்கே நம்மைக் குழப்பும்: ‘காபி அல்லது டீ’ என்றால் இரண்டில் ஒன்று என்றுதான் புரிந்துகொள்கிறோம். தர்க்கத்தின் ‘அல்லது’வுக்கோ ஒன்றாவது உண்மையாக இருந்தால் போதும், இரண்டும் உண்மையானாலும் விடை 1. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் அலாரம் அடிக்கத்தானே வேண்டும்?

அட்டவணையை முடித்ததும் F நெடுவரிசையைத் தேவையோடு ஒப்பிடுங்கள். C = 1 ஆக இருக்கும் நான்கு வரிசைகளிலும் F = 0 வந்திருக்கிறதா? வந்திருக்கிறது, ஆகவே சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. மீதி நான்கில், இரு கதவும் மூடிய 000 தவிர மற்ற மூன்றிலும் 1.

இனி அடைப்புக்குறியை எடுத்துவிட்டு A + B·C′ என்று எழுதிப் பாருங்கள். பெருக்கலைப் போலவே ‘மற்றும்’ முதலில் செய்யப்படும் என்பதால் இதன் பொருள் A + (B·C′). இதற்கும் எட்டு வரிசை போட்டால் ஆறு வரிசைகளில் விடை மாறாது. 101, 111 இரண்டில் மட்டும் 0-க்குப் பதில் 1 வரும். அதாவது முன்கதவு திறந்தால், சுவிட்ச் போட்டிருந்தாலும் அலாரம் அடிக்கும்.

பைத்தானிலும் முன்னுரிமை இதே வரிசைதான்: `not` முதலில், பிறகு `and`, கடைசியில் `or`. இரண்டு கோவைகளையும் அருகருகே அச்சிட்டுப் பார்க்கலாம்:

```python
for a in (0, 1):
    for b in (0, 1):
        for c in (0, 1):
            f = (a or b) and not c
            g = a or b and not c
            print(a, b, c, int(f), int(g))
```

உள்ளே இருக்கும் `c` சுழற்சி வேகமாக மாறுவதால், நாம் கையால் எழுதிய அதே வரிசையில் எட்டு வரிகளும் வரும். `int` போடாவிட்டால் சில வரிகளில் 0, 1 என்றும் சிலவற்றில் `True`, `False` என்றும் கலந்து வரும்.

அடைப்புக்குறியை விட்டுவிடும் பிழையை இரண்டு மூன்று சோதனைகளில் பிடித்துவிடலாம் என்று நம்ப முடியாது. பின்கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் (011) இரண்டு கோவையும் 0 தரும். சுவிட்ச் போடாமல் முன்கதவைத் திறந்தால் (100) இரண்டும் 1 தரும். சுவிட்சைப் போட்ட பிறகு முன்கதவைத் திறந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.