போனவர்களின் கணக்கு: தணிக்கைக்கு முன் ஒரே ஒரு வரியைச் சரிபார்த்த கதை

கஞ்சிக்கோட்டில் ஒரு நிறுவனம். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் பில்லிங் வேலை செய்து கொடுக்கிறார்கள். அறுபது பேர் சொச்சம். பாதிப்பேர் வாளையாறு தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள், மீதிப்பேர் சித்தூர், பாலக்காடு, எங்கள் கொழிஞ்சாம்பாறை. தகவல் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001 தணிக்கைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள்.

எக்செல் தாள் ஒன்று தயாராக இருந்தது. 2022 பதிப்பின் பின்னிணைப்பில் உள்ள 93 கட்டுப்பாடுகளும் வரிசையாக, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஆம்’ என்று. ஆதாரம் என்ற பத்தியில் பெரும்பாலும் ஒரே பிடிஎஃப்: தகவல் பாதுகாப்புக் கொள்கை. நான் நேராக 5.18-க்குப் போனேன். அணுகல் உரிமை பற்றிய கட்டுப்பாடு அது. வேலையை விட்டுப் போனவரின் உரிமைகளை நீக்குவதும் அதில் அடக்கம். எந்த ஊர்த் தணிக்கையாளராக இருந்தாலும் இதைத் தொடாமல் போக மாட்டார். மாதிரி எடுத்துப் பார்ப்பது சுலபம், தப்பு இருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அவர்கள் கொள்கை, போனவரின் லாகின் கணக்கு 24 மணி நேரத்துக்குள் மூடப்படும் என்கிறது. அதே பிடிஎஃப்பை ஆதாரமாக வைத்தால், மூடுவதாகச் சொன்னதற்குத்தான் ஆதாரம், மூடியதற்கு இல்லை. கடந்த 12 மாதத்தில் போனவர்கள் யார், ஒவ்வொருவர் கணக்கும் எப்போது மூடப்பட்டது என்று இரண்டு பட்டியலை ஒட்டிக் காட்ட வேண்டும்.

முதல் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐடி பையன், எல்லோருடைய லாகின் கணக்கும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் மூடிக் கிடந்த கணக்குகளை எடுத்துக் கொடுத்தான். அதில் மூட மறந்த கணக்கு எப்படி வரும்? போனவர் பட்டியல் மனிதவளப் பிரிவிலிருந்துதான் வர வேண்டும். அங்கே இருக்கும் சேச்சியிடம் கேட்டோம், 14 பேர் என்று கொடுத்தார். சம்பளப் பத்தியும் அதிலேயே இருந்தது. அதை நீக்கிவிட்டுத்தான் ஆதாரக் கோப்புறையில் போட்டோம்; தணிக்கையாளருக்கு யார் என்ன வாங்கினார் என்று தெரிய வேண்டியதில்லை.

இரண்டையும் VLOOKUP போட்டால் பதினொன்றுதான் பொருந்தியது. “மூணு பேர் கணக்கே இல்லீங்கண்ணா” என்றான் பையன். இருந்தது. சேச்சி மலையாள வழக்கில் Muraleedharan என்று எழுதியிருந்தார், கணக்கை உருவாக்கிய தமிழர் Muralitharan என்று எழுதியிருந்தார். மூன்றுமே இந்த மாதிரிதான். எங்கள் எல்லையோரத்தில் இது தினசரி வம்பு. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் ஒரு பெயர். பெயரை விட்டுவிட்டுப் பணியாளர் எண்ணை வைத்து ஒட்டியதும் 14-ம் பொருந்தின.

அடுத்தது தேதி. பையன் கொடுத்த ஏற்றுமதியில் `whenChanged` என்ற பத்தியை ‘மூடிய தேதி’ என்று பெயர் மாற்றியிருந்தான். 14 பேருக்கும் ஒரே நாள், அதுவும் மூன்று வாரத்துக்கு முன்னால். இதை அப்படியே கொடுத்திருந்தால், தணிக்கை வருகிறதென்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடினார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு: அன்றைக்கு அவன் மூடிய கணக்குகளை எல்லாம் தனிக் கோப்பகத்துக்கு நகர்த்தியிருக்கிறான். அந்தப் புலம் கணக்கில் எது மாறினாலும் மாறும், நகர்த்தினாலும் மாறும்.

கணக்கு மூடியதைச் சொல்லும் நிகழ்வு எண் 4725 செக்யூரிட்டி லாகில் விழும். ஆனால் இவர்கள் லாக் சிறியது. பழையவை மேலெழுதப்பட்டுப் போயிருந்தன. நல்லவேளையாக, ஒவ்வொரு பண்பும் கடைசியாக எப்போது மாறியது என்பதை டைரக்டரியே தன் நகலெடுப்புக் குறிப்பில் வைத்திருக்கிறது:

```
$d = (Get-ADUser emp1042).DistinguishedName
Get-ADReplicationAttributeMetadata -Object $d -Server DC01 -Properties userAccountControl
```

விடையில் வரும் `LastOriginatingChangeTime` நமக்கு வேண்டியது. கணக்கை மூடினால் `userAccountControl` மாறும், நகர்த்தினால் மாறாது. இதற்கும் எல்லை உண்டு. கடைசி மாற்றத்தை மட்டும்தான் காட்டும். நடுவில் யாராவது திறந்து மூடியிருந்தால் முதல் தேதி போச்சு. அதனால் இந்த விடையோடு, ஓட்டிய கட்டளை, ஓட்டிய நாள், சர்வர் பெயர் மூன்றும் தெரியும்படி ஆதாரத்தைச் சேமித்தோம். வெட்டி எடுத்த, தேதி தெரியாத ஸ்கிரீன்ஷாட்டுகள் நிறைய வைத்திருந்தார்கள். அவற்றால் பிரயோஜனம் இல்லை.

இப்போது உண்மைத் தேதிகள் வந்தன. ஒன்பது பேருடையது 24 மணி நேரத்துக்குள். ஐந்து பேருடையது தாமதம், அதிகபட்சம் 17 நாள். ஏன் என்று சேச்சியின் பதிவேட்டைப் பார்த்தால் புரிந்தது. அதில் கடைசி வேலை நாள், கணக்குத் தீர்த்த நாள் என்று இரண்டு பத்திகள். ஐடிக்கு மெயில் போவது கணக்குத் தீர்த்த அன்று. ஓணம் போனஸ் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் மாதக் கடைசியில் செட்டில் ஆகும்வரை, அவர்கள் லாகின் உயிரோடு இருந்திருக்கிறது.

“பழைய தேதி போட்டு டிக்கெட் ஒண்ணு போட்டுரலாமா சார்?” என்றார் மேலாளர். டிக்கெட்டை உருவாக்கிய நேரத்தை அந்த மென்பொருளே பதித்துவிடும். அது தெரிந்தும் கேட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். வேண்டாம் என்றேன். தாமதத்தைத் தாமதம் என்றே எழுதி, அந்த இடைவெளியில் ஐந்து பேரும் உள்ளே வந்தார்களா என்று பார்த்து, காரணத்தைச் சரிசெய்து, தரநிலையின் 10.2 பிரிவு கேட்கிற திருத்த நடவடிக்கையாகப் பதிந்தோம். இங்கே `LastLogonDate`-ஐ நம்பக்கூடாது. அது இரண்டு வாரம் வரை பின்தங்கியிருக்கும். லாகின் லாகையே பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் ஃபயர்வாலைத் திறந்தோம். 2020 ஊரடங்கில் அவசரத்துக்கு அதிலேயே நேரடியாக உருவாக்கிய சில விபிஎன் கணக்குகள், டைரக்டரியோடு இணைக்கப்படாதவை. எட்டு மாதத்துக்கு முன் போன ஒருவருடையது அப்படியே வேலை செய்தது. 5.18 என்ற ஒரு வரிக்கு எதிரே டைரக்டரியை மட்டும் எழுதியிருந்தார்கள். விபிஎன், பில்லிங் மென்பொருள், மெயில் என்று உள்ளே நுழையும் ஒவ்வொரு வாசலையும் எழுதியிருந்தால் இது முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

உடனே மூடினோம். அவர் உள்ளே வந்தாரா? மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘சிஇஆர்டி-இன்’ 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஃபயர்வால் லாகை இவர்கள் சரியாக 180 நாள் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நுழைவு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆதாரக் குறிப்பிலும் அப்படியே, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை பார்த்தோம் என்று எழுதினோம்.

தணிக்கையன்று வந்த தணிக்கையாளர் அம்மையார் 14 பேரில் நாலு பேரைத் தானாகவே எடுத்தார். இரண்டு பேர் தாமதப் பட்டியலில் இருந்தவர்கள். கோப்பைப் படித்துவிட்டு, பையனிடம் எதுவும் கேட்காமல் சேச்சி பக்கம் திரும்பி, “இப்போது மெயில் எந்தத் தேதியில் போகிறது?” என்றார். சேச்சி புதிய விடுவிப்புப் படிவத்தை எடுத்து நீட்டினார்: மேல் வரியில் கடைசி வேலை நாள், பக்கத்திலேயே ஐடி கையெழுத்துக்கு ஒரு கட்டம். அந்தப் படிவத்தில் அதுவரை ஒரே ஒருவர்தான் போயிருந்தார். அடுத்த வருடம் கண்காணிப்புத் தணிக்கைக்கு வரும்போது ஓணத்துக்குப் பிந்தைய படிவங்கள் எல்லாம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனார்.