ஏற்பில்லாச் செலவு முறைகேடு அல்ல

நிதியாளர் பணத்தில் நடக்கும் திட்டங்களின் தணிக்கையில் நாள் முழுக்க அடிபடும் சொல் எலிஜிபிள். "அந்த பில் இன்எலிஜிபிள் ஆயிடுச்சு", "இந்தப் பயணச் செலவு எலிஜிபிளா?" என்று பேசிக்கொள்கிறோம். பேச்சில் யாருக்கும் குழப்பம் இல்லை. அதே சொல் தமிழ் அறிக்கைக்குள் வரும்போதுதான் வினை. தணிக்கையாளரின் கடிதத்தைத் தமிழாக்கியவர் இன்எலிஜிபிள் வந்த இடமெல்லாம் "முறைகேடான செலவு" என்று எழுதியிருந்தார். அதை நிர்வாகக் குழுவில் வாசித்தபோது நான் உடன் இருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் கணக்காளரைப் பார்த்து, "என்னம்மா, யாரு எடுத்தது பணத்த?" என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை. வாங்கிய பொருள் பக்கத்து அறையில் இருந்தது, பில்லும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வரவே முடியவில்லை. இதே மொழிபெயர்ப்பை அதன் பிறகு இன்னும் மூன்று அறிக்கைகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வேர் எளிது. தேர்ந்தெடுத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'தேர்ந்தெடுக்கத் தக்கது' என்பது அடிப்படைப் பொருள். எலெக்‌ஷனும் அதே வேரில் வந்ததுதான். செலவைப் பற்றிச் சொல்லும்போது, இந்தச் செலவை நிதியாளர் தன் பணத்தில் ஏற்றுக்கொள்வதற்கான நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன என்று பொருள். இதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை.

நிபந்தனைகள் எங்கிருந்து வருகின்றன? ஒப்பந்தத்திலிருந்து. ஐரோப்பிய ஒன்றிய மானியத்தை எடுத்துக்கொண்டால், செலவு திட்டக் காலத்துக்குள் நடந்திருக்க வேண்டும், வரவுசெலவுத் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும், திட்டத்துக்குத் தேவையாக இருக்க வேண்டும், கணக்கேட்டில் இனம் கண்டு சரிபார்க்க முடிய வேண்டும், நியாயமான அளவில் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் மானிய விதித் தொகுப்பும் கிட்டத்தட்ட இதையே வேறு மூன்று சொற்களில் கேட்கிறது: நியாயமானதா, இந்தத் திட்டத்தின் பங்கில் சேருமா, விதி விலக்கி வைக்காத செலவா. மதுவுக்கான செலவு அங்கே பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. திரும்பப் பெறக்கூடிய மதிப்புக்கூட்டு வரி ஐரோப்பிய ஒன்றிய மானியத்தில் சேராது. உலக வங்கியின் கடனிலோ, ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வரியும் சேர்ந்தே வரும். ஆக, ஒரே பில், ஒரே தொகை, ஒரே கடை. ஒரு நிதியாளரிடம் செல்லும், இன்னொருவரிடம் செல்லாது. பில் மாறவில்லை. ஒப்பந்தம்தான் மாறியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு "தகுதியான செலவு", "தகுதியற்ற செலவு" என்ற பரவலான வழக்கைப் பாருங்கள். அகராதியைத் திறந்தால் எலிஜிபிளுக்கு முதலில் வருவது 'தகுதியுள்ள' என்பதுதான். வேலைக்கு விண்ணப்பிப்பவரைப் பற்றிச் சொல்லும்போது அது மிகச் சரி. செலவைப் பற்றிச் சொல்லும்போது சரியில்லை. தகுதி என்பது ஒருவரிடமோ ஒரு பொருளிடமோ உள்ளூர இருக்கும் பண்பு. "தகுதியற்றவர்" என்றால் அவர் எங்கே போனாலும் தகுதியற்றவர்தான் என்று காதில் விழுகிறது. செலவின் நிலை அப்படியல்ல என்று மேலேயே பார்த்தோம். அது செலவுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே இருக்கும் உறவு. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தகுதியற்ற செலவு என்று வாசிப்பவர், செய்தவர் தகுதியில்லாமல் செய்துவிட்டார் என்று படிக்கிறார். இல்லாத ஒரு குற்றவாளியை அந்தச் சொல்லே உண்டாக்கிவிடுகிறது.

"அனுமதிக்கப்பட்ட செலவு" என்பவர்கள் அடுத்த அணி. எனக்கு இதுதான் தகுதியைவிடப் பெரிய தொல்லையாகப் படுகிறது, ஏனென்றால் திட்ட அலுவலகங்களில் நடக்கும் மிகச் சாதாரணமான தவற்றுக்கு இந்தச் சொல் துணை போகிறது. "பட்ஜெட்ல இருக்கே, அப்புறம் என்ன?" என்பதுதான் அந்தத் தவறு. பட்ஜெட்டில் மடிக்கணினிக்கு இடம் இருக்கிறது, நிதியாளர் அந்த பட்ஜெட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆக அது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் கொள்முதல் விதியை மீறி வாங்கினால் அந்தச் செலவு நிற்காது. முன்கூட்டியே கிடைத்த அனுமதி வேறு, செலவு நடந்த பிறகு அது நிபந்தனைகளுக்குள் நிற்கிறதா என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் கணக்காளர் எதை நம்பி வாங்குவார்?

குழுக் கூட்டத்தில் சிக்கியது மடிக்கணினிக் கணக்குதான். அந்த நிதியாளரின் விதிப்படி 5,000 யூரோ வரை நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் போனால் மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, தேர்வுக்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பயிற்சி மையத்துக்குத் தேவைப்பட்ட கணினிகளை அலுவலகம் மூன்று ஆணைகளாக வாங்கியது: 4,800, 4,700, 4,900. மொத்தம் 14,400 யூரோ. ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே. தணிக்கையாளர் இதைக் கண்டுபிடித்த விதத்தில் வித்தை ஒன்றும் இல்லை. கொடுப்பனவுப் பதிவேட்டை விற்பனையாளர் பெயர் வாரியாக அடுக்கினார். மூன்றும் ஒரே கடை, ஒன்பது நாள் இடைவெளிக்குள். பில் எண்களை எடுத்துப் பார்த்தார், அடுத்தடுத்த எண்கள். பொருள் ஒப்படைப்புச் சீட்டு மட்டும் ஒன்றே ஒன்று, மூன்று பில்லுக்கும் சேர்த்து. மூன்று ஆணை என்பது காகிதத்தில்தான், கடைக்காரருக்கு அது ஒரே வியாபாரம்.

ஏன் பிரித்தார்கள்? விலைப்புள்ளி வாங்கி முடிக்க மூன்று வாரம் ஆகும், பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. காரணம் அவ்வளவுதான். ஆணையைப் பிரிப்பது சில இடங்களில் மோசடியின் அடையாளமாகவும் இருக்கும், அதனால் தணிக்கையாளர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. அதே மாதிரிக் கணினிக்கு வேறு இரண்டு கடைகளில் என்ன விலை என்று விசாரித்தார், கடைக்காரருக்கும் அலுவலகத்தாருக்கும் உறவு ஏதும் உண்டா என்று கேட்டார், கணினிகளை வரிசை எண் பார்த்து எண்ணினார். விலை சரி, உறவு இல்லை, எண்ணிக்கை குறையவில்லை.

ஆகவே நிதியறிக்கையைப் பொறுத்தவரை அந்த 14,400 யூரோ உண்மையில் நடந்த செலவு, சரியான தலைப்பில் சரியான தேதியில் பதிவான செலவு. அறிக்கை உண்மையைத்தான் காட்டியது. ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை அது நிதியாளர் தலையில் கட்ட முடியாத செலவு. 'நடந்ததா?' என்பது ஒரு கேள்வி, 'ஏற்கப்படுமா?' என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் வரும்போதுதான் முறைகேடு என்ற சொல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் கேள்வியின் பதிலுக்கு முதல் கேள்வியின் பெயரைச் சூட்டிவிட்டார்.

சரி, என்ன சொல்லலாம்? ஏல் என்ற வினையிலிருந்து வரும் ஏற்பு. ஏற்புடைச் செலவு, ஏற்பில்லாச் செலவு. ஏற்பு என்றதும் 'யார் ஏற்பது?' என்ற கேள்வி தானாக எழுகிறது, அதுதான் இதன் பலம். செலவை ஏற்பவர் நிதியாளர், அவர் கேட்பது ஒப்பந்தத்தை. நண்பர் ஒருவர் 'ஏற்கத்தக்க, ஏற்கத்தகாத' என்று எழுதுகிறார். முதல் பாதியில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டாம் பாதியில் உள்ள 'தகாத' தான் உறுத்துகிறது. தகாத வார்த்தை, தகாத உறவு என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு ஏற்கத்தகாத செலவும் ஒழுக்கக் கேடாகவே தெரியும். 'ஏற்கப்படாத செலவு' என்பதையும் இங்கே செலவழித்துவிடக் கூடாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. தணிக்கையாளர் ஒரு செலவின் மேல் விரல் வைக்கும்போது அது கேள்விக்குரிய செலவு மட்டுமே. நம் அலுவலக வழக்கில் தணிக்கைத் தடை என்று சொல்கிறோமே, அதுபோல. விளக்கம் வாங்கி, ஆவணம் பார்த்து, நிதியாளர் மறுத்த பிறகுதான் அது ஏற்கப்படாத செலவு. அமெரிக்க விதிகளில் இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் செலவுச் சரிபார்ப்பு வேலையிலும், ஒப்புக்கொண்ட நடைமுறைகளைச் செய்து கண்டதைச் சொல்வதோடு தணிக்கையாளரின் கடமை முடிகிறது, தீர்ப்பு அவருடையதல்ல. தமிழில் எல்லாவற்றையும் முறைகேடு என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் விளக்கம் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது என்பதே வாசிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

தூய தமிழுக்காக மட்டும் நான் மல்லுக்கட்டவில்லை. முறைகேடும் நல்ல தமிழ்தான், தகுதியும் நல்ல தமிழ்தான். எலிஜிபிள் என்றே எழுதிவிட்டால்கூட இவ்வளவு கேடு இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் ஒப்பந்தத்தின் செலவுப் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுத் தமிழாக்கத்தில் இறங்க வேண்டும். கடைசி நாளில் கோப்பை அனுப்பி மறுநாள் காலைக்குள் தமிழ் கேட்கும் அலுவலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சில விதிகள் வாசித்தால்தான் பிடிபடும். திட்டம் முடிந்த பின் நடக்கும் செலவு ஏற்பில்லாதது என்பது பொது விதி. ஆனால் இறுதி அறிக்கைக்கும் அதன் தணிக்கைக்கும் ஆகும் கட்டணம் திட்டக் காலத்துக்குப் பின் வந்தாலும் ஐரோப்பிய ஒன்றிய மானியத்தில் ஏற்புடையதே. "காலாவதியான செலவு" என்று இதற்கும் ஒரு தமிழாக்கம் பார்த்தேன். தணிக்கைக் கட்டணம் எப்படிக் காலாவதியாகும்?

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் விட்டுப்போயிற்று. முறைகேடு யார் செய்தது என்று பேசியே நேரம் போனதில், எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் மனத்திலும் 14,400 தான். அந்த ஒப்பந்தத்தில் மறைமுகச் செலவு, ஏற்புடை நேரடிச் செலவில் 7 விழுக்காடு என்று நிலையாகக் கணக்கிடப்படும். நேரடிச் செலவில் 14,400 குறைந்தால் அதன்மேல் கோரிய 1,008 யூரோவும் கூடவே போகிறது. ஆக 15,408. நிதியாளர் மறுப்பை உறுதிசெய்தால் நிறுவனம் இதைத் தன் சொந்த நிதியிலிருந்து கட்ட வேண்டும், கணக்கில் கடன்பொறுப்பாகவும் காட்ட வேண்டும்.

பிறகு அந்தப் பத்தியை நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன்: "மடிக்கணினிகள் மூன்று ஆணைகளாகப் பிரித்து வாங்கப்பட்டதால், விலைப்புள்ளி பெற வேண்டும் என்ற விதி பின்பற்றப்படவில்லை. பொருள்கள் பெறப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளன. 14,400 யூரோ கேள்விக்குரிய செலவாகக் குறிக்கப்படுகிறது. நிதியாளர் இதை ஏற்பில்லாச் செலவு என முடிவு செய்தால், மறைமுகச் செலவு உட்பட 15,408 யூரோ திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்." அடுத்த கூட்டத்தில் இதை வாசித்தார்கள். அதே பெரியவர் இந்த முறை கேட்டது, "விளக்கம் கொடுக்க எத்தனை நாள் இருக்கு?"