வலி போனதும் வராமல் போகிறவர்கள்

எங்கள் பல் மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் ரூட் கெனால் பாதியில் இருப்பவர்கள்தான். முதல் சிட்டிங்கில் பல்லுக்குள் இருக்கும் பழுதான நரம்புத் திசுவை எடுத்துவிடுகிறோம். சில நாளில் வலி அடங்கிவிடும். அப்புறம் எதற்கு இன்னொரு முறை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் அதன் ஓரத்தில் எச்சில் கசிய ஆரம்பித்தால், சுத்தம் செய்த வேருக்குள் மறுபடியும் கிருமி புகும். கேப் போடாத பல் ஒரு முறுக்கைக் கடித்தாலே பிளந்துவிடவும் கூடும். வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

ஆரம்பத்தில், "நாளை உங்களுக்கு அப்பாயிண்ட்மென்ட் உள்ளது, தவறாமல் வரவும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். நீல டிக் விழும், ஆள் வரமாட்டார். படித்துவிட்டார் என்பதைத் தவிர அந்த டிக்கில் வேறு சேதி கிடையாது. இன்னொரு தப்பும் செய்தேன். தனித்தனியாக அனுப்பச் சோம்பல்பட்டு எல்லாரையும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டேன். நம்முடைய எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பது தெரியாது. நம் பக்கம் பார்த்தால் எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது போலவே இருக்கும். ஒரு வாரம் கழித்து, "மெசேஜே வரலையே டாக்டர்" என்று மூன்றாவது ஆளும் சொன்ன பிறகுதான் உறைத்தது.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகிற செய்தி இது:

"வணக்கம். (பெயர்) அவர்களுக்கு 14ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 45 நிமிடம் ஆகும். வலி இல்லாவிட்டாலும் வர வேண்டும். வருவதாக இருந்தால் 1, வேறு நாள் வேண்டுமென்றால் 2 என்று அனுப்புங்கள்."

பெயர் கட்டாயம் வேண்டும். மாமியார், மருமகள், பேரன் மூவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கும் வீடுகள் நிறைய. அதே காரணத்தால்தான் என்ன சிகிச்சை என்பதை எழுதுவதில்லை. பூட்டிய திரையிலேயே யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். "நாளை" என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். இரவு 12 மணிக்குமேல் செய்தியைத் திறப்பவருக்கு நாளை என்பது எந்த நாள்? வாட்ஸ்அப் பிசினஸில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்துக்கொண்டால், `/` தட்டினாலே வந்து நிற்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.

இதில் அதிகம் உதவுவது அந்த 2தான். "வரமுடியாது" என்று டாக்டரிடம் சொல்ல நம் ஆட்களுக்குச் சங்கடம், அதனால் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஓர் எண்ணைத் தட்டுவதில் அந்தச் சங்கடம் இல்லை. செய்தியை முந்தின நாள் காலை 10 மணிக்கே அனுப்புகிறோம்; ராத்திரி வருகிற 2ஐ வைத்து ஒன்றும் செய்யமுடியாது. போன மாதம் பள்ளி ஆசிரியை ஒருவர், தேர்வு வேலை இருக்கிறதென்று காலை 11 மணிக்கே 2 அனுப்பினார். "சீக்கிரம் வேண்டும்" என்று லேபிள் போட்டு வைத்திருப்பவர்களில் முதல் ஆளிடம் கேட்டோம், அரை மணி நேரம் காத்திருந்தோம், பதில் இல்லை. அடுத்தவர் சரி என்றார். ஒரே நேரத்தில் எல்லாரிடமும் கேட்கக் கூடாது. ஒருமுறை அப்படிக் கேட்டு, ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

மாலை 6 மணி வரை பதில் வராதவர்களையும், ஒற்றை டிக்கிலேயே நிற்பவர்களையும் ரிசப்ஷனில் இருக்கும் பெண் போனில் கூப்பிடுவார். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு முதலிலிருந்தே போன்தான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எந்தச் செய்தியும் உதவவில்லை. செவ்வாய்க்கிழமை 3 முதல் 4.30 வரை ராகுகாலம். அந்த நேரத்துக்குச் சிலர் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு வரமாட்டார்கள். நேரம் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், தொடர்ந்து மூன்று முறை 2 அனுப்புகிறவர்கள். இவர்களுக்கு நான்காவது தேதி கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. நானே போன் செய்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் பேசினால் விஷயம் வெளியே வரும். சிலருக்கு ஊசி பயம். பலருக்குப் பணம்: ரூட் கெனாலுக்குச் சொன்ன தொகையிலேயே கேப்பும் அடங்கும் என்று நினைத்திருப்பார்கள், அது தனி என்று பிறகு யாரோ சொல்லியிருப்பார்கள். அதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுக்காதது எங்கள் தப்பு.