ஒரு கிராம் புரதம் என்ன விலை?

என்னிடம் வரும் விளையாட்டுப் பிள்ளைகளின் வீட்டு மளிகை பில்லை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். சைவக் குடும்பம், முட்டையும் கிடையாது, மாத வருமானம் இழுத்துப் பிடித்துதான் ஓடுகிறது என்றால் கட்டாயம் பார்ப்பேன். "புரதத்துக்காக என்ன வாங்குறீங்க?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் மூன்றுதான்: பாலில் கலக்கும் மால்ட் பவுடர், பாதாம், அப்புறம் ஜிம்மில் யாரோ சொன்ன வே புரோட்டீன் டப்பா. ரூபாய்க்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் மூன்றுமே பட்டியலின் அடியில் கிடக்கும் சரக்கு.

கணக்கு ரொம்ப எளிது. பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு கிலோவில் உள்ள புரதம். கிலோ விலையை அதனால் வகுத்தால் ஒரு கிராம் புரதத்தின் விலை, அவ்வளவுதான். மால்ட் பவுடரையே எடுத்துக்கொள்வோம். அரை கிலோ 260 ரூபாய், 100 கிராமில் 8 கிராம் புரதம். கிலோ 520 ரூபாய், அதில் புரதம் 80 கிராம், ஆக ஒரு கிராம் ஆறரை ரூபாய். டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு கிளாஸுக்கு இத்தனை கிராம் என்று பெரிதாகப் போட்டிருந்தால், "பாலுடன் சேர்த்து" என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்தப் புரதத்தில் பெரும்பங்கு நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பாலுடையது.

இதை எழுதும்போது அயனாவரத்தில் எங்கள் தெரு மளிகைக் கடையில் உள்ள விலையை வைத்துச் சொல்கிறேன், உங்கள் கடையில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். உதிரி மீல் மேக்கர் கிலோ 160, அதில் புரதம் 520 கிராம், ஒரு கிராம் 31 காசு. கொண்டைக்கடலை 58 காசு, பாசிப்பயறும் கிட்டத்தட்ட அதே, பொட்டுக்கடலை 60, நிலக்கடலை 62, துவரம்பருப்பு 70. நீலப் பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய்க்கு 30 கிராம் புரதம் தருகிறது, அது 1 ரூபாய் 33 காசு. பனீர் இரண்டரை ரூபாயைத் தாண்டிவிடும். வே சுமார் 3 ரூபாய், பாதாம் நாலரை.

இந்தப் பட்டியலில் எல்லோரும் மறக்கிற ஒன்று ரேஷன் துவரம்பருப்பு. கிலோ 30 ரூபாய். கிராம் 14 காசு! சென்னையில் காசு கொடுத்து வாங்குவதில் இதைவிட மலிவான புரதம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான், அதாவது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து சுமார் 215 கிராம் புரதம், அது வீட்டுச் சாம்பாரிலேயே கரைந்துவிடும். அதனால் விட்டுவிடாமல் வாங்குங்கள், ஆனால் விளையாடுகிற பிள்ளையின் கூடுதல் தேவைக்கு அதை நம்பாதீர்கள்.

சரி, அப்படியென்றால் மீல் மேக்கரையே மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. காசுக் கணக்கு எதை முதலில் வாங்கலாம் என்று வரிசை சொல்லும். எவ்வளவு வாங்கலாம் என்பதை வயிறும் புரதத்தின் தரமும்தான் முடிவு செய்யும்.

முதலில் தரம். எல்லாப் புரதமும் உடம்புக்கு ஒரே அளவில் பயன்படுவதில்லை. நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: பாலையும் சோயாவையும் முழுசாக எண்ணலாம், பயறு கடலை வகைகளை முக்கால் பங்கு, நிலக்கடலையைப் பாதி. அப்படிப் பார்த்தால் 62 காசாக இருந்த நிலக்கடலை ஒன்றேகால் ரூபாய் ஆகிவிடுகிறது, பாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதில் ஒரு நெளிவு உண்டு. கொண்டைக்கடலையையோ பயறையோ சோறு, இட்லி, சப்பாத்தியோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்த முக்கால் பங்கு ஏறத்தாழ முழுசாகிவிடும், ஏனென்றால் பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது, தானியத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது. நிலக்கடலைக்கு இந்த உபகாரம் கிடைக்காது, அதிலும் லைசின்தான் குறைவு, சோற்றிலும் அதுவேதான் குறைவு. போதாததற்கு அதன் எடையில் பாதி கொழுப்பு. கடலையிலிருந்து மட்டும் 20 கிராம் புரதம் எடுக்க சுமார் 450 கலோரி தின்ன வேண்டும். எடை கூட்ட வேண்டிய பையனுக்கு நல்லது, எடைப் பிரிவில் போட்டியிடும் மல்யுத்தப் பெண்ணுக்கு ஆகாது.

ஒரு குடும்பத்தின் கணக்கை முழுசாகவே பார்த்துவிடலாம். 800 மீட்டர் ஓடுகிற கல்லூரிப் பையன், எடை 60 கிலோ, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் காலையில் பயிற்சி. பயிற்சியின் கடுமையைப் பார்த்து கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தேன், நாளுக்கு 96 கிராம் வருகிறது. அவன் மாதம் 2,400 ரூபாய்க்கு ஒரு கிலோ வே டப்பா வாங்கி, தினம் ஒரு ஸ்கூப், 24 கிராம் புரதம் எடுத்துக்கொண்டிருந்தான். "அதுக்கு மேல எங்களால முடியல மேடம்" என்றார் அம்மா. அது போதவும் இல்லை.

வே இல்லாமல் வீட்டுச் சாப்பாட்டில் அவனுக்கு ஏற்கெனவே என்ன கிடைக்கிறது என்று எண்ணினோம். நாலு இட்லி 8 கிராம், இரண்டு வேளைச் சோறு சேர்ந்து 300 கிராம் அரிசி என்றால் 22, அவன் பங்குச் சாம்பாரில் பருப்பு 6, காபி டீயில் போகும் பால் 6, தயிர் 5, காய்கறி 3. மொத்தம் 50. அரிசியிலிருந்து 22 கிராமா என்று அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை, ஆனால் வருகிறது. காசு போட்டு நிரப்ப வேண்டியது மீதி 46 கிராமைத்தான். முழு 96-க்கும் பயந்துகொண்டு டப்பா வாங்குவதுதான் பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது.

அந்த 46-க்கு நாங்கள் போட்ட ஏற்பாடு: மீல் மேக்கர் உலர்ந்த எடையில் 40 கிராம், அதில் 20 கிராம் புரதம். கூடுதலாக அரை லிட்டர் பால், 15 கிராம். பொட்டுக்கடலை 50 கிராம், 10 கிராம். மொத்தம் 45, செலவு நாளுக்கு 32 ரூபாய் சொச்சம். பயிற்சி முடிந்த கையோடு, பொட்டுக்கடலையை மாவாக அரைத்துப் பாலில் கொஞ்சம் வெல்லம் போட்டுக் கலந்து பாட்டிலில் எடுத்துப்போகச் சொன்னேன். மீல் மேக்கர் மதியமோ ராத்திரியோ குழம்பில். வாரத்தில் இரண்டு நாள் மீல் மேக்கருக்குப் பதில் 60 கிராம் கொண்டைக்கடலை சுண்டல். அந்த நாட்களில் புரதம் எட்டு ஒன்பது கிராம் குறையும், பரவாயில்லை.

மாதக் கொள்முதலாகச் சொன்னால் மீல் மேக்கர் ஒரு கிலோ 160, கொண்டைக்கடலை அரை கிலோ 55, பொட்டுக்கடலை ஒன்றரை கிலோ 180, பால் 15 லிட்டர் 600. கூட்டினால் 995 ரூபாய். முன்பு 2,400 கொடுத்து வாங்கியதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புரதம்.

பில்லைப் பார்த்ததுமே அம்மா கேட்டது நியாயமான கேள்வி. செலவில் பாதிக்கு மேல் பால் தின்கிறது, அதையும் மீல் மேக்கராக மாற்றினால் 550 ரூபாய்க்குள் முடிந்துவிடுமே? கணக்குப்படி முடியும். ஆனால் முட்டையும் தொடாத வீட்டில் பி12-க்குப் பாலும் தயிரும் விட்டால் வேறு சாப்பாட்டு வழி பெரிதாகக் கிடையாது, கால்சியமும் அதில்தான் அதிகம் வருகிறது. தவிர, நாளுக்கு 70 கிராம் மீல் மேக்கர் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை இடைவெளி ஓட்டம் ஓட முடிகிறதா என்று அவன் வயிறு சொல்லிவிடும். 50 கிராம் என்று நான் கோடு போட்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, இன்னொரு தண்ணீரில் மறுபடி பிழிந்தால் அந்தப் பச்சை வாடையும் போகும், உப்புசமும் குறையும். "ஆம்பளப் பசங்களுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே" என்று அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இந்த அளவில் சாப்பிடும் சோயா ஆண் ஹார்மோனைக் குறைப்பதில்லை, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வீட்டில் இந்தத் திட்டம் சொதப்புகிற இடம் பெரும்பாலும் தராசுதான். பாக்கெட்டில் உள்ள எண் உலர்ந்த பொருளுக்கு. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் 8 கிராம் சுற்றித்தான் இருக்கும், 19 அல்ல. ஊறிப் பிழிந்த மீல் மேக்கரும் மூன்று மடங்கு எடை காட்டும். இந்தப் பையனும் முதல் மாதம் முழுக்க வெந்ததை நிறுத்துச் சாப்பிட்டு, புரதம் 90-ஐத் தாண்டியதாக நோட்டில் எழுதி வந்தான். மீல் மேக்கர் ஒரு கிலோ மாதம் முடிந்தும் பாதிக்கு மேல் டப்பாவில் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். வாங்கிய சரக்கு தீர வேண்டிய நாளில் தீருகிறதா என்று பாருங்கள், நோட்டுப் புத்தகத்தைவிட அது நம்பகமானது. தினமும் நிறுக்கத் தேவையில்லை. கடைக்காரரிடம் ஒருமுறை 40 கிராம் நிறுத்து வாங்கி, அது வீட்டில் எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

இன்னொன்று, மிச்சமான 1,400 ரூபாயையும் சேமிப்பில் போட்டுவிடாதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். நாள் முழுக்கக் கலோரி போதவில்லை என்றால் உடம்பு இந்தப் புரதத்தையே எரித்துவிடும், 31 காசுக்கு வாங்கினாலும் நஷ்டம்தான். வாழைப்பழம், கூடுதலாக இரண்டு இட்லி, ஒரு கரண்டி எண்ணெய், இதற்கு ஒரு 500 ஒதுக்கினோம்.

வே கூடவே கூடாதா என்றால், அப்படி இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போய் சமையல் வசதி இல்லாத லாட்ஜில் நாலைந்து நாள் தங்க நேரும்போது உதவும். ஆனால் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை பரிசோதிக்கிற அளவுக்குப் போட்டியிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: டப்பாவில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தது எனக்குத் தெரியாது என்பது அங்கே செல்லாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு விளையாட்டு வீரருடையதே. ஒவ்வொரு தொகுப்பையும் பரிசோதித்துச் சான்றளித்த பொருளாக வாங்கினால் விலை இன்னும் ஏறும். எங்கள் ஓட்டக்காரப் பையன் போன போட்டிக்குப் பொட்டுக்கடலை மாவையும் பால் பவுடரையும் டப்பாவில் கலந்து எடுத்துப்போனான், லாட்ஜ் ரிசப்ஷனில் வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.