நாடியைத் தேடி வாட்சைத் திருப்பாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். ஸ்மார்ட்வாட்ச் காட்டிய இதயத்துடிப்பு எண்ணைப் பார்த்துப் பயந்து, எங்களிடம் கேட்பதற்கு முன்பே தானாக ஒரு முடிவெடுத்துவிட்டு வந்தவர். மற்ற மூவரும் ஓட்டத்தை நிறுத்தியதோடு சரி. இவர் மாத்திரையில் கைவைத்துவிட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இவருக்கு 54 வயது, ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். மெதுவாக ஓடலாம், துடிப்பு 120ஐ ஒட்டியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். புதிதாக வாங்கிய வாட்ச் முதல் நாளே 162 என்று காட்டியிருக்கிறது. "மூச்சு வாங்கவே இல்ல மேடம், பேசிக்கிட்டேதான் ஓடினேன். ஆனா தினமும் 160க்கு மேலதான் காட்டுது" என்றார். துடிப்பை இறக்குவதற்காகத் தினமும் அரை மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பேசிக்கொண்டே ஓட முடிகிறது, பீட்டா பிளாக்கரும் உள்ளே இருக்கிறது, ஆனால் துடிப்பு 162. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரவே சேராது. அவர் கையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. வாட்ச் மணிக்கட்டு எலும்பின் மேல் வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

நெஞ்சில் இசிஜி ஒட்டி ட்ரெட்மில்லில் ஏற்றினேன். மெதுஓட்டத்தில் இசிஜி 118 காட்டியது, வாட்ச் 162. அவர் காலடிகளை அரை நிமிடம் எண்ணினேன். இரண்டு காலும் சேர்த்து 81, அதாவது நிமிடத்துக்கு 162. வேகத்தை மாற்றாமல் அடியை மட்டும் குறுக்கி வைக்கச் சொன்னேன். காலடி 172 ஆனது. சிறிது நேரத்தில் வாட்சும் 170ஐத் தாண்டியது. இசிஜி 119இல் நின்றது. அவர் வாட்ச் எண்ணிக்கொண்டிருந்தது இதயத்தை அல்ல, காலை.

வாட்சின் அடியிலுள்ள சென்சார் தோலில் வெளிச்சம் பாய்ச்சித்தான் துடிப்பை எண்ணுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் கை ஒருமுறை அதிர்கிறது. தளர்ந்த பட்டை அந்த அதிர்வில் தோலைவிட்டு எழும்பி மீண்டும் விழுகிறது. அந்த இடைவெளியில் வெளி வெளிச்சம் நுழைகிறது, சென்சாரின் வெளிச்சம் வெளியே கசிகிறது. நாடியால் வரும் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது, இந்த ஆட்டத்தால் வருவது அதைவிடப் பெரியது. அசைவைக் கழித்துவிடும் ஏற்பாடு வாட்சுக்குள் இருக்கிறது என்றாலும், ஓரளவுக்கு மேல் ஆடினால் அதுவும் ஏமாந்துபோகிறது. உங்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள இசிஜி தேவையில்லை. எண் உங்கள் காலடியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சட்டென்று நின்றும் பாருங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். 160இலிருந்து ஒரே தாவலில் 115க்கு விழுந்தால், முன்பு காட்டியதைச் சந்தேகியுங்கள்.

இனி, என்னை மிகவும் அலுக்க வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். "டாக்டர் நாடி பார்க்கிற இடத்துலதானே வாட்ச் இருக்கணும்?" என்று கேட்டு, கட்டைவிரல் பக்கத்து நாடியின் மேல் சென்சார் உட்காரும்படி வாட்சை உள்பக்கமாகத் திருப்பி, நாடி 'சிக்கும்' வரை இறுக்கிக் கட்டுகிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். டாக்டரின் விரல் தேடுவது தமனி எழும்பி வந்து மோதும் அழுத்தத்தை. வாட்ச் எதையும் தொட்டு உணர்வதில்லை. அது தோலுக்குள் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றே கூடும்போது திரும்பும் வெளிச்சம் சற்றே குறைகிறது. அந்த நுண்குழாய்கள் கையின் மேல்பக்கத்திலும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பச்சை வெளிச்சம் தோலின் மேலடுக்கைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை, அதனால் தமனியைத் தேடிப் போய் வைப்பதில் லாபமில்லை. நட்டம் உண்டு. உள்பக்கம் முழுவதும் தசைநாண்கள். விரலை மடக்கினாலே அவை நகரும், சென்சாரையும் தூக்கிவிடும்.

இறுக்கினால் துல்லியம் கூடும் என்பதும் இதே தவறான எண்ணத்திலிருந்து வருவதுதான். லேசான அழுத்தம் நல்லது, சென்சார் ஆடாமல் நிற்கும். அதற்கு மேல் போனால் எந்த நுண்குழாயைப் பார்க்க வேண்டுமோ அதையே நசுக்கி, உள்ளே வரும் இரத்தத்தைத் தடுத்துவிடுகிறீர்கள். எண் விட்டுவிட்டு வரும், அல்லது கோடு மட்டும் காட்டும். உடனே இன்னும் ஒரு துளை இறுக்குகிறார்கள்! விரல் மரத்தாலோ, கை நிறம் மாறினாலோ, கழற்றிய பிறகு பள்ளமான தடம் வெகுநேரம் மறையாவிட்டாலோ அது அதிக இறுக்கம்.

சரியான இடம் இதுதான். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொடுங்கள். அதிலிருந்து முழங்கை நோக்கி இரண்டு விரல் அகலம் விட்டு, கையின் மேல்பக்கத்தில் சென்சார் உட்கார வேண்டும். ஓடும்போதும் எடை தூக்கும்போதும் மூன்று விரல் அகலம்கூட விடலாம். அங்கே சதை கொஞ்சம் கூடுதல், எலும்பு முண்டு இல்லை, மணிக்கட்டை மடக்கினாலும் புறங்கை வாட்சின் விளிம்பை இடிக்காது. இறுக்கத்துக்கு என் சோதனை ஒன்றுதான். வாட்சை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி. தோல் நிற்க வாட்ச் மட்டும் வழுக்கினால் ஒரு துளை இறுக்குங்கள். பட்டைக்கடியில் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லையென்றால் ஒரு துளை தளர்த்துங்கள். பயிற்சி முடிந்ததும் தளர்த்தி, வியர்வையைத் துடைத்துவிடுங்கள். நாள் முழுக்க அதே இறுக்கத்தில் விட்டுவிட்டுத் தோல் தடித்துப்போய் வருபவர்கள் தனிக்கணக்கு.

அவருக்கும் இதையே செய்தேன். இரண்டு விரல் மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கி, அதே வேகத்தில் மறுபடி ஓடவிட்டேன். முதல் அரை நிமிடம் எண் அலைந்தது. பிறகு 117க்கும் 121க்கும் இடையில் நின்றது. இசிஜி 119.

குளிர்ந்த கையோடு தொடங்கினால் தோலுக்கு இரத்தம் குறைவாகத்தான் வரும், எனவே ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு எண்ணைப் பாருங்கள். பச்சை குத்திய இடத்தில் மை வெளிச்சத்தை விழுங்கிவிடும், மற்றக் கையில் கட்டுங்கள். கைப்பிடியை இறுகப் பற்றும் பயிற்சிகளுக்கும், வேகம் சட்டுச்சட்டென்று மாறும் ஓட்டத்துக்கும் நெஞ்சுப்பட்டையே நம்பகமானது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போல இதயத்துடிப்பே ஒழுங்கற்றுப் போனவர்களுக்குச் சில துடிப்புகள் வலுவில்லாமல் மணிக்கட்டுவரை வந்து சேராது. பட்டையை எங்கே கட்டினாலும் வாட்ச் குறைவாகக் காட்டலாம். அவர்கள் அந்த எண்ணை வைத்துப் பயிற்சி அளவை முடிவு செய்யக்கூடாது.

சந்தேகம் வந்தால் நின்று, விரலால் நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் பட்டையைச் சரிசெய்யுங்கள். நெஞ்சுவலியோ, மயக்கமோ, வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ இருந்தால் பட்டையைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள். எண் என்னவாக இருந்தாலும் உடனே மருத்துவ உதவியைத் தேடுங்கள்.

மாத்திரையின் அளவை வாட்சைப் பார்த்து மாற்றாதீர்கள். அவருடைய மருத்துவரிடம் அன்றே பேசினோம். மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது, இரண்டு நாளில் தலைசுற்றல் நின்றது. இப்போது வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறார், எலும்புக்கு மேலே இரண்டு விரல் விட்டு.