நிராகரிப்பு மெயிலுக்குப் பதில்: ஒரு நன்றி, ஒரே ஒரு கேள்வி

இன்டர்ன்ஷிப்புக்கு "இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை" என்று மெயில் வந்தால், பதில் எழுதும் முன் எந்தக் கட்டத்தில் வெளியேறினீர்கள் என்று பாருங்கள். ரெஸ்யூமேயோடு நின்றுபோயிருந்தால் கருத்துக் கேட்பதில் பெரும்பாலும் பயனில்லை. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களை மளமளவென்று பிரித்தவரிடம் உங்களைப் பற்றித் தனியாகக் குறிப்பு எதுவும் இருக்காது. இன்டர்வியூ வரை போயிருந்தால் நிலைமை வேறு. உங்களிடம் பேசியவர்கள் நாலு வரியாவது எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கப் போவது அதிலிருந்து ஒரு வரியைத்தான்.

அடுத்து, மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள். `noreply@` என்று தொடங்கினால் அதற்கு எழுதும் பதிலை யாரும் படிக்க மாட்டார்கள். இன்டர்வியூவுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவரின் பழைய மெயிலைத் தேடி, அதிலேயே ரிப்ளை கொடுங்கள். புது மெயிலாக அனுப்பினால், நீங்கள் யார், எந்த வேலைக்கு வந்தவர் என்று அவர் தேட வேண்டியிருக்கும். தேட வேண்டிய மெயில் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலில் போய்ச் சேரும், அங்கேயே கிடக்கும்.

படித்த சூட்டோடு எழுதாதீர்கள். அதற்காக இரண்டு வாரமும் விடாதீர்கள். மறுநாள் எழுதினால் உங்கள் கோபமும் தணிந்திருக்கும், அவர்கள் நினைவும் மங்கியிருக்காது.

இனிக் கேள்வி. "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. நிராகரித்த காரணத்தை எழுத்தில் கொடுத்தால் அது வாதத்துக்கோ சட்டச் சிக்கலுக்கோ இழுத்துவிடும் என்று ரெக்ரூட்டர்கள் தயங்குவார்கள். சில நிறுவனங்களில் காரணம் சொல்லவே கூடாது என்று விதியும் உண்டு. அதனால் முடிவைப் பற்றிக் கேட்காமல், உங்கள் திறனில் ஓர் இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். முடிவுக்கு அவர் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசனை சொன்னால் போதும்.

டேட்டா அனலிஸ்ட் இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூ முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டு டேபிள்களை இணைக்கும் கேள்விக்கு விடை சரியாக வந்தது. ஆனால் அவர் பேசாமலேயே எழுதி முடித்தார். முதலில் அவர் எழுதத் தோன்றும் வரி இது: "இன்டர்வியூ நன்றாகத்தான் செய்தேன், எங்கே தவறினேன் என்று தெரியவில்லை, விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்." முதல் பாதியில் மறைமுகமாக ஒரு புகார், கடைசியில் 'விரிவாக' என்று ஒரு சுமை. அதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. டேபிள்களை இணைக்கும் கேள்வியில், ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை வந்தால் கூட்டுத்தொகை எப்படித் தவறும் என்று உங்கள் குழுவினர் விளக்கியது எனக்குப் புதிய பாடம். ஒரு சிறு உதவி: அடுத்த இன்டர்வியூவுக்கு முன் நான் குவெரி எழுதும் வேகத்தைக் கூட்ட வேண்டுமா, யோசிப்பதை வாய்விட்டு விளக்கப் பழக வேண்டுமா? ஒரு வரி போதும். கருத்துச் சொல்ல நிறுவன விதி இடம் தராவிட்டால் பரவாயில்லை. அடுத்த இன்டர்ன்ஷிப் அறிவிப்பு வரும்போது மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

நன்றியில் குறிப்பான ஒரு விஷயம் இருப்பதால் அது வெறும் சம்பிரதாயமாகத் தெரியவில்லை. கேள்வியில் இரண்டு தெரிவுகள் இருப்பதால், வேலைக்கு நடுவே போனிலேயே "இரண்டாவது" என்று தட்டிவிடலாம். மறுக்கவும் வழி விட்டிருப்பதால் கேட்கப்பட்டவருக்குச் சங்கடமில்லை. "மீண்டும் பரிசீலியுங்கள்", "யாரை எடுத்தீர்கள்?" போன்றவற்றில் ஒன்று நுழைந்தாலும் மெயிலின் தொனி மாறிவிடும். ரெஸ்யூமேயை மறுபடி இணைப்பதும், மேலாளரை CC-யில் சேர்ப்பதும் வேண்டாம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; லிங்க்ட்இன்னில் போய் அதையே கேட்பது நச்சரிப்பு.

பதில் வந்தால் இன்னொரு கவனம் தேவை. "இன்னும் பொருத்தமானவர்கள் இருந்தார்கள்" என்று வந்தால் அதில் கருத்து எதுவும் இல்லை. மேலே துருவாமல் விட்டுவிடலாம். "நீங்கள் யோசிப்பதை எங்களால் பின்தொடர முடியவில்லை" என்று வந்தால் அது உண்மையான தகவல். "ஆனால் விடை சரிதானே" என்று திருப்பி எழுதாமல், ஒரு வரி நன்றியோடு முடியுங்கள். அவர் சொன்னதை அதே சொற்களில், எந்த வேலை, எந்தச் சுற்று என்ற விவரத்தோடு குறித்து வையுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய ரசனையாகவும் இருக்கலாம். வேறோர் இடத்திலிருந்தும் அதே வரி வந்தால், அடுத்த பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.